திறந்த கண்ணில்தான் வரைய வேண்டும்: ஹூடட் கண்ணுக்கான ஐலைனர், இமைமயிர் கேள்விகள்

அக்கா, என்ர கண் சின்னக் கண்ணா, ஹூடட் கண்ணா? ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை, இரண்டும் வேறு. சின்னக் கண் என்றால் மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவே திறக்கிற இடைவெளி குறைவு. ஹூடட் கண் என்றால் புருவ எலும்புக்குக் கீழே உள்ள தோல் மடிந்து இறங்கி, அசைகிற இமையை மறைத்துக்கொண்டு நிற்கும். நல்ல பெரிய கண்ணும் ஹூடட் கண்ணாக இருக்கலாம். வெள்ளவத்தையில் என்னிடம் வருகிற பலர் "எனக்குச் சின்னக் கண்" என்று சொல்லிக்கொண்டுதான் கதிரையில் இருப்பார்கள். பார்த்தால் கண் சின்னதில்லை, மேலே தோல் மூடியிருக்கும். இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் மை போடும் இடம் பிழைக்கும்.

சோதிக்கிறது லேசு. ஜன்னலுக்கு நேரே நின்று கைக்கண்ணாடியைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். கண்ணாடியைக் கண்டதும் நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமலே புருவத்தை உயர்த்துவோம். அதனால் ஒருமுறை கண்ணை மூடி, ஐந்து வரை எண்ணி, நெற்றியைத் தளரவிட்டுத் திறவுங்கள். இப்போது இமைமயிரின் வேருக்கும் மேலே உள்ள மடிப்புக்கும் நடுவில் எவ்வளவு இமை தெரிகிறது? மூக்குப் பக்கம், கருவிழிக்கு மேலே, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். நடுவில் 3 மில்லிமீட்டர் தெரிந்து வெளி ஓரத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால் அது வெளி ஓர ஹூடட். வயது போகப் போகத் தோல் தளர்ந்து வருவது பெரும்பாலும் இதுதான். மூன்று இடத்திலும் ஒன்றும் தெரியாவிட்டால் முழு ஹூடட். இரண்டு கண்ணையும் தனித்தனியே பாருங்கள், ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

கண்ணை மூடேக்க லைன் நல்ல வடிவா இருக்கு. திறந்தா ஒண்டும் காணேல்ல. இன்னும் தடிப்பாப் போடட்டா?

வேண்டாம். தடிப்பாகப் போடப் போடக் கண் இன்னும் சின்னதாகும். மூடிய இமையில் வரைய நிறைய இடம் இருக்கிற மாதிரித் தெரியும். திறந்ததும் அதில் பெரும்பகுதி மடிப்புக்குள் போய்விடும். மிச்சம் 2 மில்லிமீட்டர் இமைதான் வெளியே தெரிகிறது என்று வைப்போம். நீங்கள் 2 மில்லிமீட்டர் தடிப்பில் கறுப்பு லைன் போட்டால் இருந்த இமை முழுக்கக் கறுத்துவிடும். எதிரே நிற்பவருக்கு இமையே தெரியாது, தோலுக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டைதான் தெரியும்.

ஹூடட் கண்ணில் கறுப்பு இருக்க வேண்டிய இடம் இமைமயிரின் வேர். டைட்லைன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இமைமயிர்களுக்கு இடையே உள்ள தோல் வெளிறித் தெரியாமல் கீழிருந்து நிரப்புவோம். மயிர் அடர்த்தியாகத் தெரியும், இமையிலோ ஓர் இம்மியளவு இடமும் செலவாகாது.

கண்ணாடியை நாடிக்குக் கீழே பிடித்து, முகத்தைச் சற்று உயர்த்திக் கீழே பாருங்கள். மற்றக் கை விரலால் புருவத்துக்குக் கீழுள்ள தோலை நேர் மேலே மட்டும் தூக்குங்கள். காதுப் பக்கம் இழுக்காதீர்கள். அப்படி இழுத்து வரைந்தால் கையை விட்டதும் தோல் சுருங்கும், கோடும் நெளியும். வோட்டர்புரூஃப் ஜெல் பென்சிலின் நுனியை மயிர்களுக்கு அடியில் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போங்கள். ஒரே இழுவையாகக் கோடு கீறினால் நுனி மயிரில் வழுக்கிக் கண்ணுக்குள் போகும்.

இங்கே ஓர் எல்லை இருக்கிறது. இமை விளிம்பில், இமைமயிருக்குச் சற்று உட்புறமாக, கண்ணீர் காய்ந்து போகாமல் காக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் வரிசையாக இருக்கும். தினமும் அதன்மேல் மெழுகுப் பென்சிலைப் பூசினால் அடைபடும், கண் உறுத்தும், சிவக்கும். கொன்ராக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு லென்ஸிலும் மை படியும். அவர்கள் ஈர விளிம்பை விட்டுவிட்டு, மயிர் வேர்களுக்கு நடுவில் மட்டும் வெளிப்புறமாகக் குத்தினால் போதும்.

அதற்கு மேலேயும் கோடு வேண்டும் என்றால் கருவிழியின் வெளி ஓரத்தில் தொடங்கி வெளி மூலை வரை மட்டும், அரை மில்லிமீட்டர் தடிப்பில் போடுங்கள். மூக்குப் பக்கம் மிச்சத்தை வெறுமையாக விடுங்கள். முதல் தடவை "என்னக்கா, பாதியில விட்டிட்டீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். இரண்டடி தள்ளி நின்று கண்ணாடியைப் பார்த்த பிறகு ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை.

விங் போட்டா நடுவில உடைஞ்சு கொக்கி மாதிரி நிக்குது. ஹூடட் கண்ணுக்கு விங் சரிவராதா?

வெளி ஓரத்தில் கொஞ்சமாவது இடம் இருந்தால் சரிவரும். மூடிய கண்ணில் வரைவதுதான் பிழை. மூடிய கண்ணில் நேராக இருக்கிற கோடு திறந்ததும் மடிப்பில் ஏறி இறங்கி உடையும். ஆகவே கண்ணைத் திறந்து, நேரே பார்த்தபடி, மடிப்பின் மேலாகவே வரைய வேண்டும். இப்படி வரைந்த விங்கை மூடிப் பார்த்தால் நடுவில் ஒரு வெட்டு விழுந்து வௌவால் செட்டை மாதிரி இருக்கும். அதனால் இதற்கு வௌவால் விங் என்றே பெயர்.

ஒரு ரீச்சருக்குப் போட்டதைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். மகனின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன்னர் ஒத்திகைக்கு வந்தார். "மணமகனின் அம்மா நித்திரையால எழும்பி வந்த மாதிரி இருக்கக் கூடாது" என்பது மட்டும்தான் அவர் கேட்டது. வலது கண்ணில் நடுவே 3 மில்லிமீட்டர் இமை தெரிந்தது, வெளி ஓரத்தில் 1. இடது கண்ணில் நடுவே 2, வெளி ஓரத்தில் அரை மில்லிமீட்டர்தான், தோல் இமைமயிரைத் தொடுகிற மாதிரிக் கவிழ்ந்து கிடந்தது.

முதலில் அவரை நேரே பார்க்கச் சொல்லி, முகத்தைத் தளரவிட்டு, மண்ணிறப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். கீழ் இமையின் கோடு வெளியே தொடர்ந்து போனால் புருவத்தின் வால் நுனியை நோக்கி எப்படி ஏறுமோ, அந்த வழியில், வெளி மூலையிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி. அந்தப் புள்ளி மடிப்பைத் தாண்டி வெளியே, தட்டையான தோலில் விழ வேண்டும். மடிப்புக்குள் விழுந்தால் என்ன செய்தாலும் விழுங்கிவிடும். வலது கண்ணில் சரியாக விழுந்தது. இடதில் அதே சரிவில் வைத்த புள்ளி பாதி மறைந்தது. ஆகவே இடதில் புள்ளியை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கி, சரிவைக் குறைத்து, கொஞ்சம் வெளியே தள்ளினேன். அளந்தால் இரண்டும் வேறு வேறுதான், ஆனால் திறந்த கண்ணில் பார்த்தால் சோடியாக இருந்தது.

அடுத்து, கண் திறந்தபடியே, வெளி மூலையிலிருந்து புள்ளிக்கு ஒரு மெல்லிய கோடு. அதுதான் விங்கின் கீழ் விளிம்பு. பிறகு புள்ளியிலிருந்து உள்நோக்கி, மடிப்பைக் குறுக்கே தாண்டி, கருவிழியின் வெளி ஓரத்துக்கு நேரே இமைமயிர் வேரில் போய் முடிகிற மாதிரி மேல் விளிம்பு. மடிப்பைத் தாண்டுகிற இடத்தில் தோலை இழுக்கவே கூடாது. பேனாவைப் படுக்க வைத்து, தோல் எப்படி இருக்கிறதோ அப்படியே அதன்மேல் கீற வேண்டும். கடைசியாகத்தான் கண்ணை மெல்ல மூடச் சொல்லி, இரண்டு விளிம்புக்கும் நடுவே விடுபட்ட இடத்தை நிரப்பினேன். மூடிய கண்ணில் தெரிந்த வெட்டை அப்படியே விட்டேன். அதை "சரிசெய்ய" வெளிக்கிட்டால் திறந்த கண்ணில் கோடு தடித்துவிடும்.

இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. எங்கட கல்யாணத்தில் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரம் நிறைய, கமராக்காரரும் அந்தக் கணத்துக்காகத்தான் காத்துக்கொண்டு நிற்பார். கூர்மையான கறுப்பு வௌவால் விங் அந்தப் படத்தில் அசிங்கமாகத் தெரியும். அதனால் ரீச்சருக்குக் கடைசியில் கறுப்பைக் கைவிட்டு, கடும் மண்ணிற ஜெல்லில் அதே வடிவத்தைப் போட்டு, மேல் விளிம்பை மட்டும் சின்னப் பிரஷால் கொஞ்சம் கரைத்துவிட்டேன். திறந்தால் விங், மூடினால் நிழல். கலைவிழாவுக்கு ஆடுகிற பிள்ளை என்றால் கறுப்பே போட்டிருப்பேன், மேடைக்குத் தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே.

வெளி ஓரத்தில் தோல் முழுக்க இமைமயிரின் மேல் கவிழ்ந்திருந்தால் விங்கை மறந்துவிடுங்கள். அந்த வேலையை இமைமயிரிடம் கொடுக்கலாம், கீழே சொல்கிறேன்.

காலமை போட்டது மத்தியானத்துக்குள்ள மேல் தோல்ல அச்சுக் குத்தின மாதிரி ஒட்டிக்கிடக்கு. வோட்டர்புரூஃப் வாங்கியும் அப்படித்தான்.

வோட்டர்புரூஃப் என்றால் தண்ணீரைத் தாங்கும். உங்கள் கண்ணில் அச்சுக் குத்துவது பெரும்பாலும் தண்ணீரில்லை, எண்ணெய். ஹூடட் கண்ணில் மேல் தோல் இமையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தோலில் ஊறுகிற எண்ணெயும் காலையில் பூசிய கிறீமும் சன்ஸ்கிறீனும் சேர்ந்து மெழுகுப் பென்சிலைக் கரைக்கும். கொழும்பு வெக்கையில் பஸ்ஸில் காலி வீதியால் அரை மணித்தியாலம் போனாலே அது நடந்துவிடும்.

எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். போட்டுச் சில நிமிடத்திலேயே கூர்மையான கோடாக மேலே பதிந்திருந்தால் காயமுதல் கண்ணைத் திறந்திருக்கிறீர்கள். மணித்தியாலங்கள் கழித்து மங்கலாகச் சாம்பல் நிறத்தில் பரவியிருந்தால் எண்ணெய். புருவத்துக்குக் கீழே தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது லைனரே இல்லை, மஸ்காரா.

முதலாவதுக்கு மருந்து பொறுமைதான். போட்டதும் ஒரு நிமிடம் கீழே பார்த்தபடி இருங்கள், கண்ணைச் சிமிட்டாதீர்கள். இரண்டாவதுக்கு, இமையில் கிறீம் பூசுவதை நிறுத்துங்கள். மை போடமுதல் காய்ந்த ரிஷூவால் இமையையும் அதன்மேல் கவிழும் தோலையும் ஒற்றி, இரண்டுக்கும் இமை பிரைமர் மிக மெல்லிசாகப் பூசி, நிறமில்லாத பவுடரைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். எல்லோரும் இமைக்கு மட்டும் போடுவார்கள். அச்சுக் குத்துவது மேல் தோல் என்றபடியால் அதற்கும் போடவேண்டும். வெளியே தெரிகிற கோட்டுக்குப் பென்சிலை விட, காய்ந்ததும் மெல்லிய படலமாக இறுகும் திரவ லைனர்தான் நல்லது. பென்சிலே கைக்கு வசதி என்றால் அதன்மேல் அதே நிற ஐஷாடோவை அழுத்தி வையுங்கள்.

மஸ்காராவுக்கு டியூபிங் வகை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மயிரையும் சின்னக் குழாய் மாதிரி மூடிக்கொள்ளும், எண்ணெய்க்குக் கரையாது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தால் துண்டு துண்டாகக் கழன்றுவரும். ஆனால் கேர்ல் பண்ணிய வளைவை வோட்டர்புரூஃப் அளவுக்குப் பிடித்துவைக்காது. நேராகக் கீழே தொங்குகிற மயிர் என்றால் வோட்டர்புரூஃப், எண்ணெய் முகம் என்றால் டியூபிங். இரண்டு பிரச்சினையும் இருப்பவருக்கு நான் வளைவைத்தான் முதலில் பார்ப்பேன்.

கீழ் இமைக்கு மை போடாமல் எனக்கு முகமே இல்லாத மாதிரி இருக்கு. போடலாமா?

கண்ணைப் பெரிதாகக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் கீழ் ஈர விளிம்பில் கறுப்பு வேண்டாம். கண்ணின் வெள்ளை எங்கே முடிகிறதோ அங்கே கறுப்பு வேலி போட்ட மாதிரி. மேலே தோல் மூடியிருக்கிறது, கீழே நீங்களே மூடுகிறீர்கள். ஆனால் சின்ன வயதிலிருந்து மை போட்டுப் பழகிய முகத்துக்குத் திடீரென்று வெறுமையாக விட்டால் சுகமில்லாத மாதிரித் தெரியும், அது உண்மைதான். அதற்கு நடுவழி இது: ஈர விளிம்பில் உங்கள் தோலை விட ஒரு படி வெளிறிய தோல்நிறப் பென்சில், வெளியே கீழ் இமைமயிரின் வேரில் வெளி மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் மண்ணிற நிழல். சுத்த வெள்ளைப் பென்சில் எங்கள் நிறத்துக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும், வாங்காதீர்கள்.

பயணத்தில் வாங்கிவந்த சுர்மா, பெட்டியில் என்ன கலந்தது என்று எழுதாத கண்மை, இவற்றைக் கண்ணுக்குள் விடாதீர்கள். பழைய முறைச் சுர்மா பலவற்றில் ஈயச் சல்பைட் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் இந்த வகைக் கண்மைக்கு அனுமதியே இல்லை. குழந்தைக்குப் பூசுவது இன்னும் மோசம், கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குத்தான் போகும்.

ஒட்டு இமைமயிர் வாங்கப் போனேன். நூறு வகை இருக்கு. ஹூடட் கண்ணுக்கு எதை எடுக்கிறது? ஒட்டினா ஒரு ஓரம் கிளம்பிக்கொண்டே இருக்கு.

பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல், துண்டைத் திருப்பி அடியில் உள்ள பட்டியைப் பாருங்கள். தடித்த கறுப்புப் பட்டி என்றால் வைத்துவிடுங்கள். மேலே கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்த இமை இடத்தை அது ஒரே தரத்தில் தின்றுவிடும். நூல் மாதிரி மெல்லிய, நிறமில்லாத பட்டி வேண்டும். பிறகு மயிர் எங்கே நீளம் என்று பாருங்கள். வெளி ஓரம் போகப் போக நீளும் வகை பூனைக் கண். வெளி ஓர ஹூடட் கண்ணில் அந்த நீளமான மயிரைக் கவிழ்ந்த தோல் கீழே அமத்தும், கண் சோர்ந்து தொங்குகிற மாதிரி வரும். நடுவில், கருவிழிக்கு நேர் மேலே நீளமாக இருந்து இரண்டு பக்கமும் குறைகிற வகைதான் கண்ணை மேலும் கீழுமாகத் திறக்கும். பொம்மைக் கண் என்று கடைக்காரருக்குச் சொன்னால் விளங்கும். நடு நீளம் 10, 11 மில்லிமீட்டர் போதும். 14, 15 என்று போனால் நுனி மேல் தோலில் முட்டி வளையும், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கூசும்.

மயிருக்கு மயிர் இடைவெளியும் வேண்டும். விசிறி மாதிரி அடர்ந்தது இமையின் மேல் நிழல் போடும், கண்ணுக்குக் குடை பிடித்தது போல.

ரீச்சருக்கு வருவோம். துண்டைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது வெளியே 6 மில்லிமீட்டர் மிஞ்சியது. அதை வெளி ஓரப் பக்கமாக வெட்டினேன். மூக்குப் பக்கம் வெட்டினால் அங்கே இருக்கிற குட்டை மயிர் போய், நீளமான மயிர் கண்ணின் உள் மூலையில் வந்து குத்தும். மிச்சத்தையும் அப்படியே ஒட்டவில்லை. இடது கண்ணின் வெளி ஓரத்தில் தோல் கவிழ்கிறதே, முழுப்பட்டி அங்கே போனால் கிளம்பத்தான் செய்யும். ஆகவே துண்டை மூன்றாக வெட்டி, நடுத்துண்டைக் கருவிழிக்கு மேலேயும், உள் துண்டை அதற்கு மூக்குப் பக்கமாகவும் வைத்தேன். வெளித் துண்டைக் கண்ணின் வெளி மூலைக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். மூலை வரை கொண்டுபோகிற பழக்கம் பலருக்கும் இருக்கிறது. ஹூடட் கண் தொங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். துண்டுகள் தனித்தனியே நிற்பதால் இமை அசையும்போது பட்டி இழுபடாது, ஓரமும் கிளம்பாது.

பசையில் எங்கட ஊருக்கென்று ஒரு விசயம். பட்டிக்குப் போடுகிற வெள்ளைப் பசை அதிலுள்ள ஈரம் பறந்தால்தான் இறுகும். பெட்டியில் 30 செக்கன் காயவிடு என்று இருக்கும். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் அநேக நாட்களில் 75 சதவீதத்துக்கு மேலே நிற்கும், 30 செக்கனில் ஒன்றும் காயாது. ஏசி இல்லாத அறையில் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பேன், மழை நாளில் இன்னும் கூட. வெள்ளை நிறம் மங்கி, விரல் பட்டால் நூல் இழுக்கிற பதம் வரவேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். முதல் தடவை போடுகிறவர் பசையை முழங்கை மடிப்பில் பூசி 24 மணித்தியாலம் பார்த்துவிட்டுப் போடுங்கள். லேற்றெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், கல்யாண நாள் காலையில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

எக்ஸ்ரென்ஷன் நல்லதா, லாஷ் லிஃப்ட் நல்லதா? ஒரு இடத்தில செய்து ஒரு கிழமையில பாதி கொட்டிட்டுது.

கொட்டினதுக்கு உங்கள் கண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்த அறையின் காற்றாகவும் இருக்கலாம். எக்ஸ்ரென்ஷன் என்பது உங்கள் மயிரிலேயே செயற்கை மயிரை ஒட்டுவது, அதன் பசை வேறு வகை, சயனோஅக்ரிலேட். மேலே சொன்ன வெள்ளைப் பசைக்கு நேரெதிர். காற்றின் ஈரம் பட்டால்தான் அது இறுகும், ஈரம் கூடினால் கண்மூடித் திறக்கமுதல் இறுகிவிடும். பெரும்பாலான பசைகளுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதன்தான் சொல்லியிருப்பார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியில் வேலை செய்கிற அறையில், மயிரை மயிரோடு சேர்க்கமுதலே பசையின் மேல்பக்கம் இறுகிவிடும். ஒட்டின மாதிரித் தெரியும், உள்ளே பிடித்திராது. ஆகவே போக முதல் "உங்கட அறையில ஈரப்பதன் மானி இருக்கா?" என்று கேளுங்கள். சுவரில் ஒன்று தொங்கவேண்டும். ஒரு மயிருக்கு ஒரு மயிர் என்று பிரித்து ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். நாலைந்து இயற்கை மயிரைச் சேர்த்து ஒட்டினால் வெவ்வேறு வேகத்தில் வளர்கிற மயிர்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடுங்கும், நோகும்.

ஹூடட் கண்ணுக்கு நீளத்தை விட வளைவின் எழுத்துத்தான் முக்கியம். சி, டி என்பவை வேரிலிருந்தே வட்டமாக வளைபவை. மேல் தோல் பாரமாகக் கவிழ்ந்த கண்ணில் டி வளைவு உடனே மேலேறித் தோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எல், எம் என்கிற வளைவுகளில் அடிப்பாகம் கொஞ்சத் தூரம் நேரே முன்னால் வந்து, தோலைத் தாண்டிய பிறகுதான் மேலே திரும்பும். மடிப்புக்குக் கீழிருந்து வெளியே எட்டிப் பார்க்க இந்த வடிவத்துக்குத்தான் முடியும். நடுவில் 11, ஓரங்களில் 8, 9 என்று கேளுங்கள். வளைவின் பெயர் தெரியாமல் "நல்ல வொல்யூமாப் போட்டு விடுறன்" என்று மட்டும் சொல்கிற இடத்தில் நான் என் கண்ணைக் கொடுக்க மாட்டேன்.

லிஃப்ட் என்றால் ஒன்றும் ஒட்டுவதில்லை. தலைமயிரைப் பேர்ம் பண்ணுகிற மாதிரி, ஒரு திரவத்தால் மயிரின் உள்கட்டை இளக்கி, சிலிக்கன் அச்சின்மேல் படுக்கவைத்து, இரண்டாவது திரவத்தால் புது வடிவத்தில் நிறுத்துவார்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை நிற்கும், பிறகு மயிர் தானே உதிர்ந்து புதிதாய் வரும். உங்கள் மயிர் ஓரளவு நீளம், ஆனால் நேரே கீழே பார்க்கிறது என்றால் கொழும்புக்கு நான் இதைத்தான் சொல்வேன். வியர்வைக்கும் கடல்காற்றுக்கும் பயமில்லை, இரண்டு மூன்று கிழமைக்கொருக்கால் நிரப்பப் போகவும் தேவையில்லை. பிழைக்கிற இடம் அச்சின் அளவு. சின்ன அச்சுப் போட்டால் மயிர் சுருண்டு திரும்பி இமையையே தொடும், இருந்த நீளமும் காணாமல் போகும். ஹூடட் கண்ணுக்குச் சற்றுப் பெரிய அச்சு வேண்டும், வேரில் நிமிர்ந்து நுனி திறந்து நிற்க. திரவத்தைக் கூடநேரம் விட்டால் மயிர் பொசுங்கினது போல முறுகும். அதைத் திருத்த வழியில்லை, வளரும்வரை இருக்கவேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஒஃபிசுக்குப் போக, அஞ்சு நிமிசத்துக்குள்ள என்ன செய்யலாம்?

கேர்லரும் டைட்லைனும் மட்டும். மஸ்காராவுக்கு முதல் கேர்லர், எப்போதும். மஸ்காரா போட்ட பிறகு பிடித்தால் மயிர் ரப்பரில் ஒட்டி ஒடியும். ஹூடட் கண்ணில் கேர்லர் தோலையும் சேர்த்துக் கடிக்கும். அதைத் தடுக்க, மற்றக் கை விரலால் மேல் தோலைத் தூக்கி, கேர்லரை வேருக்குக் கிட்ட வைத்து, முதலில் அரைவாசி மூடிப் பாருங்கள். நோகாவிட்டால் அழுத்தி ஐந்து செக்கன், பிறகு மயிரின் நடுவுக்கு நகர்த்தி இன்னும் ஐந்து. ரப்பரில் வெட்டு விழுந்தால் மாற்றிவிடுங்கள். மஸ்காராவை நடு மயிர்களுக்கு இரண்டு பூச்சு, ஓரத்துக்கு ஒன்று. திறந்து மூன்று மாதமானால், மிச்சம் இருந்தாலும் எறியுங்கள். தங்கச்சியோடு பங்குபோடாதீர்கள், கண்நோய்க் காலத்தில் வீடு முழுக்கப் பரவுவது அப்படித்தான்.

மடிப்பைத் தூக்குற ரேப் ஒண்டு விக்கினம். வேலை செய்யுமா?

ஏசி மண்டபத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும். வியர்த்தால் ஓரம் கிளம்பி மினுங்கும். படத்துக்கு மட்டும் சரி, தினமும் ஒட்டிப் பிய்த்தால் ஏற்கெனவே தளர்ந்த தோல் இன்னும் தளரும்.

என்ர ஒரு கண் மட்டும் கொஞ்ச நாளாத்தான் கீழ இறங்கிக்கொண்டு வருது. அதுக்கு எந்த லைன் போட்டா சமப்படும்?

எந்த லைனும் போடமுதல் கண் வைத்தியரிடம் போங்கள். ஹூடட் என்பது தோல் மடிவது, பல வருடத்தில் மெல்ல வருவது. இமையின் விளிம்பே இறங்கிக் கருவிழியை மறைக்கிறதென்றால் அது பெரும்பாலும் இமையைத் தூக்குகிற தசையோ அதற்குப் போகிற நரம்போ சம்பந்தப்பட்டது. வீட்டில் பழைய படம் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காலையில் சரியாக இருந்து பின்னேரம் இறங்கினாலும் போய்க் காட்டுங்கள். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று இறங்கினாலோ, கூடவே இரட்டையாகத் தெரிதல், கடும் தலையிடி, இரண்டு கருமணியும் வேறு வேறு அளவில் இருத்தல் என்று ஏதும் இருந்தாலோ நாளைக்கு என்று பார்க்காதீர்கள், அன்றைக்கே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ கிட்ட உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள். போகும்போது கண்ணில் மை, ஒட்டு மயிர் ஒன்றும் இருக்கவேண்டாம், அவர்கள் இமை விளிம்பைப் பார்த்து அளக்க வேண்டியிருக்கும். அந்தப் பழைய படத்தையும் கொண்டுபோங்கள்.